கோல் சென்டர் வேலை என்று 27,500 ரூபா போச்சு. ஏ.எல் முடித்த தம்பி தங்கச்சிமார் வாசிக்கவும்

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு நகருக்குள் ஒரு கடைக்கு மேல் மாடியில் நடக்கும் கோல் சென்டர் அது. பெயரை எழுதப்போவதில்லை. "கஸ்டமர் வொய்ஸ் ப்ராசஸ், அனுபவம் தேவையில்லை, ட்ரெய்னிங்கில் காசு, முடிந்ததும் 45,000" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள்.

மொழிப் பரீட்சை என்று உள்ளே கூப்பிட்டார்கள். தமிழில் ஒரு பந்தி, ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னார்கள், பெயர் ஊர் கேட்டார்கள், அவ்வளவுதான். வேறு இடத்தில் இதே வேலை செய்யும் மச்சாளிடம் பிறகு கேட்டேன். அங்கே கோபத்தில் கத்தும் ஒரு வாடிக்கையாளரின் பதிவைப் போட்டுவிட்டு, அவர் பெயர், இலக்கம், பிரச்சினை என்ன என்று எழுதச் சொல்வார்களாம். பிறகு ஒருவர் வாடிக்கையாளராக நடித்துக் கேள்வி கேட்பார், நாங்கள் பதில் சொல்லவேண்டும். பாதிப் பேர் அதிலேயே வெளியே. எங்களிடம் ஒருவரும் வெளியே போகவில்லை. ஆங்கிலப் பந்தியை முடிக்கமுடியாமல் அழுத பிள்ளைக்கும் பாஸ்.

எச்ஆர் அக்கா பேசிய பேச்சு இருக்கிறதே! "எந்த ஊர் தங்கச்சி? களுவாஞ்சிகுடியா? என்ட மாமி வீடும் அங்கதான். பயப்படாதீங்க, நான் இருக்கன்" என்று தேத்தண்ணி வைத்துத் தந்து, காகிதத்தில் கணக்கும் எழுதிக் காட்டினார். நாளுக்கு 600 ரூபாப்படி 25 நாளுக்கு 15,000 ட்ரெய்னிங் காசு. ஹெட்செட்டுக்கும் பாடக் குறிப்புக்கும் 12,500 டெபாசிட், முதல் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும். அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தந்தார். பற்றுச்சீட்டில் கம்பனிப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, அக்காவின் கையெழுத்து மட்டும்தான்.

அந்த 45,000 எப்படி வருகிறது என்பதும் ட்ரெய்னிங் பாதியில்தான் தெரிந்தது. அடிப்படைச் சம்பளம் 30,000. 2026இல் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய குறைந்த சம்பளமே அதுதான். மீதியில் வரவுக் கொடுப்பனவு 5,000, ஒரு நாள் லீவு எடுத்தால் முழுதும் போய்விடும். மற்ற 10,000, நாங்கள் பேசும் கோலைக் கேட்டு அவர்கள் போடும் மார்க் நன்றாக வந்தால்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு 8 வீதம், 2,400 கழியும். அதாவது மோசமான மாதத்தில் கைக்கு வருவது 27,600.

சரி, அதையாவது தந்தார்களா? முதல் பாதி வகுப்பு. மறுபாதி முழுக்க உண்மையான வாடிக்கையாளர்களின் கோல் எடுத்தோம். இதற்கு "நெஸ்டிங்" என்று பெயர். பழைய ஆள் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும், அங்கே அப்படி ஒருவரும் இருக்கவில்லை. சம்பளக்காரர் செய்யும் வேலையைத்தான் நாங்கள் செய்தோம். கடைசியில் சர்டிஃபிகேஷன். மூன்று கோலைக் கேட்டு மார்க் போடுவார்களாம், 85 வேண்டும். என் மூன்றுமே "ஃபேட்டல் எரர்", சைபர். கணக்கு உரிமையாளரை உறுதிப்படுத்தாமல் விபரம் சொல்லிவிட்டேனாம். அப்படியென்றால் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன், மார்க் சீட்டைக் கேட்டேன். இரண்டும் "கொழும்பில இருக்கு". எங்கள் பேட்சில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் ஃபெயில்.

அதற்குப் பிறகு ஒரே இழுத்தடிப்பு. "சர்டிஃபை ஆகாட்டி ட்ரெய்னிங் காசு இல்ல தங்கச்சி, கொன்டிஷன்ல இருக்கே." எந்தக் கொன்டிஷன்? கையில் ஒரு கடிதமும் தரவில்லையே! டெபாசிட்டைக் கேட்டால் "அக்கவுண்ட்ஸ் சேர் லீவு", அப்புறம் "10ஆம் திகதிக்குப் பிறகு வாங்க", அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனேன். மாமி வீடு களுவாஞ்சிகுடி என்ற அதே அக்கா, என்னைப் பார்த்து "நீங்க எந்த பேட்ச்?" என்கிறார். உள்ளே புது பேட்ச் இருக்கிறது. காதுப் பஞ்சு கிழிந்து நான் மஞ்சள் டேப் ஒட்டி வைத்த ஹெட்செட்டை வேறொரு பிள்ளை போட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையும் 12,500 கட்டியிருக்கும்.

டெபாசிட் 12,500, வராத ட்ரெய்னிங் காசு 15,000, மொத்தம் 27,500. பஸ் காசை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

என்ன கவனிக்கவேண்டும் என்று ஒழுங்காக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. வேலைக்குப் போகிறவர் காசு கட்டுவதில்லை, டெபாசிட் என்று கேட்டால் எழும்பி வாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஃபெயில் ஆனாலும் ட்ரெய்னிங் காசு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை விபரங்களை எழுத்தில் தரவேண்டியது அவர்கள் கடமை. மொழிப் பரீட்சையில் எல்லோரும் பாஸ் என்றால் யோசியுங்கள்.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். அங்கே முதலில் கேட்டது வரவுப் பதிவும் பற்றுச்சீட்டும்தான். கையெழுத்து மட்டும் உள்ள அந்தச் சீட்டு வேறு யாரிடமாவது இருந்தால் எறிந்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் படம் அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும்.