பழைய படத்தை நகர்த்துவது: தானியங்கி முறையா, கைமுறையா?

வீடியோவில் அசையாத படத்தைக் காட்டும்போது, அதன் மேல் சட்டகத்தை மெல்ல நகர்த்தியும் பெரிதாக்கியும் உயிரூட்டுவார்கள்; இதை மென்பொருளிடமே விடலாம், அல்லது நாமே செய்யலாம். ஆவணப்படத்துக்குப் பழைய பள்ளிக் குழுப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் அளவு 4000 × 3000 பிக்சல். கீழ் ஓரத்து 250 பிக்சலில் பெயர்களும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. வீடியோ 1920 × 1080.

நேரம்: தானியங்கி முறையில் ஒரு சொடுக்கு போதும். கைமுறையில் தொடக்கச் சட்டகத்தையும் முடிவுச் சட்டகத்தையும் நாமே குறிக்க வேண்டும். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

எழுத்து: வேறுபாடு இங்கேதான். அகலம் நிரம்பும்படி படத்தை வைத்தால் 3000 பிக்சல் உயரத்தில் 2250 மட்டுமே தெரியும். மென்பொருள் நடுவில் வெட்டும்போது மேலும் கீழும் 375 பிக்சல் போய்விடும். பெயர்வரிசை முழுதும் மறைந்துவிடும். கைமுறையில் சட்டகத்தைக் கீழ் ஓரத்தில் தொடங்கி, நாம் அதை இருமுறை வாசித்து முடிக்கும்வரை அசையாமல் நிறுத்தி, பிறகு மெல்ல மேலே நகர்த்தலாம்.

முகம்: தானியங்கி பெரிதாக்கல் பெரும்பாலும் நடுப்புள்ளியை நோக்கியே போகும். நாம் பேசும் மாணவி ஓரத்தில் நின்றால் அவள் முகம் பாதியில் வெட்டுப்படலாம். கைமுறையில் முதலில் முடிவுச் சட்டகத்தை அவள் முகத்தில் வைத்துவிடுங்கள், தலைக்கு மேல் சற்று இடம் விட்டு.

தெளிவு: இரண்டுக்கும் எல்லை ஒன்றே. சட்டகத்தின் அகலம் ஸ்கேனில் 1920 பிக்சலுக்கும் கீழே குறுகினால் படம் மங்கத் தொடங்கும். அதற்குமேல் நெருங்க வேண்டுமானால் இன்னும் அதிக பிக்சல் கிடைக்கும்படி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

எழுத்தில்லாத நிலக்காட்சிகளுக்குத் தானியங்கி முறை போதும். பெயரும் முகமும் உள்ள படங்களுக்குக் கைமுறையைத்தான் நான் சொல்வேன்.