மூன்று திட்டம், ஒரே இருபது நாள்: எதை நம்பலாம்?

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும் ஒரு சின்ன நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். முதலில் ஓர் இயந்திரத்தின் வடிவமைப்பு, 5 நாள். அது முடிந்ததும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று இயந்திரத்தின் உடலைச் செய்வது, 10 நாள். மற்றொன்று அதை இயக்கும் மென்பொருளை எழுதுவது. இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் சோதனை தொடங்கும், அதற்கு 5 நாள்.

```
வடிவமைப்பு (5) ──► உடல் (10) ─────► சோதனை (5)
       └─────────► மென்பொருள் (?) ──────┘
```

மென்பொருளுக்கு எத்தனை பேரைப் போடுவது என்பதில்தான் மூன்று திட்டமும் வேறுபடுகின்றன. முதல் திட்டத்தில் ஆள் தாராளம், 5 நாளில் முடியும். இரண்டாவதில் ஒருவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம், 9 நாள் ஆகும். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் குறைக்கிறோம், 10 நாள். கிரிட்டிக்கல் பாத், அதாவது தொடக்கம் முதல் முடிவு வரை மிக நீளமான வேலைத் தொடர், எத்தனை நாள் என்று கணக்கைப் போட்டால் மூன்றுக்கும் விடை 20 நாள். மொத்த நாளைத் தள்ளாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாமோ அதுதான் அதன் ஃப்ளோட். "ஃப்ளோட் சும்மாதானே கிடக்கிறது, ஆளை எடுத்துவிடலாம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வது இந்த இடத்தில்தான்.

எந்த வேலையும் சொன்ன நாளில் அப்படியே முடிவதில்லை. உடல், மென்பொருள் இரண்டும் இரண்டு நாள் முன்னால் முடியலாம், சரியாக முடியலாம், இரண்டு நாள் தள்ளியும் போகலாம். மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று வைப்போம். ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது என்றும், வடிவமைப்பும் சோதனையும் சொன்ன நாளில் முடியும் என்றும் கொள்வோம். அப்போது மொத்தம் ஒன்பது சேர்க்கைகள் வரும். கையாலேயே எழுதிப் பார்க்கலாம்.

முதல் திட்டத்தில் மென்பொருள் எவ்வளவு தாமதமானாலும் 7 நாள்தான். உடல் எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் 8 நாள் ஆகும். அதனால் மென்பொருள் குறுக்கே வரவே வராது. ஒன்பதில் ஆறு முறை 20 நாளுக்குள் முடியும், அதாவது 67 சதவீதம்.

மூன்றாவதில் இரண்டு பாதையும் கிரிட்டிக்கல். சோதனை நேரத்துக்குத் தொடங்க வேண்டுமென்றால் இரண்டுமே தாமதமாகாமல் இருக்க வேண்டும். அது ஒன்பதில் நான்கு முறைதான் நடக்கும், 44 சதவீதம். ஒரு பாதை சீக்கிரம் முடிந்தாலும் மற்றதற்காகக் காத்திருக்கிறது, அதனால் அந்த லாபம் வீணாகிறது. தாமதம் மட்டும் எந்தப் பக்கம் வந்தாலும் அப்படியே கடைசி வரை போகிறது. சராசரியும் 20 நாளில் நிற்காமல் கிட்டத்தட்ட 20.9 நாளாகிறது. இப்படி மூன்று பாதைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் வாய்ப்பு 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இரண்டாவது திட்டம். மென்பொருள் 7, 9 அல்லது 11 நாள் ஆகும். 11 ஆனால் தாமதம், உடல் 12 ஆனாலும் தாமதம். எண்ணிப் பாருங்கள்: இங்கேயும் ஒன்பதில் நான்குதான். ஒரு நாள் ஃப்ளோட் இருந்தும் மூன்றாவது திட்டத்தின் அதே 44 சதவீதம்! தாமதத்தின் அளவு சற்றுக் குறைவு என்பதால் சராசரி 20.6 நாள் என்று வருகிறது, அவ்வளவுதான் ஆறுதல். (நாள்களை இப்படி மூன்று எண்களில் அடைக்காமல் தொடர்ச்சியாகப் பரப்பினால் வாய்ப்பு மூன்றாவதைவிடக் கொஞ்சம் மேலே வரும். முதல் திட்டத்தை மட்டும் எட்டாது.)

கிரிட்டிக்கல் பாதையைத் திட்ட மென்பொருளில் சிவப்பில் காட்டுவது வழக்கம். மூன்றாவது திட்டத்திலாவது திரையில் இரண்டு சிவப்புக் கோடு தெரியும், எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். இரண்டாவதில் ஒரே கோடுதான் சிவப்பு. எல்லாக் கண்ணும் உடல் மேலே இருக்கும்போது மென்பொருள் இரண்டு நாள் நழுவும். அன்றைக்குத்தான் கிரிட்டிக்கல் பாத் மாறியதே தெரியவரும்.

அவசரப்படுத்தும்போதும் வித்தியாசம் தெரியும். உடல் வேலைக்குக் கூடுதல் செலவு செய்து 2 நாள் குறைக்கிறோம் என்று வையுங்கள். முதல் திட்டம் 18 நாளுக்கு வரும், இரண்டாவது 19-க்கு வரும், மூன்றாவது 20-லேயே நிற்கும்.

ஆகவே ஃப்ளோட் பூஜ்யமா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அந்த வேலை வழக்கமாக எத்தனை நாள் நழுவும், ஃப்ளோட் அதைவிடக் குறைவா என்று பார்க்க வேண்டும். குறைவு என்றால் அதையும் கிரிட்டிக்கலாகவே நடத்துங்கள். ஃப்ளோட்டை slack என்று சொல்லும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் `Tasks are critical if slack is less than or equal to` என்ற அமைப்பு 0 நாளில் இருக்கும். நம் கணக்குக்கு அதை 2 ஆக்கினால் இரண்டாவது திட்டத்தின் மென்பொருளும் சிவப்பாகும், முதல் திட்டத்தில் 5 நாள் ஃப்ளோட் என்பதால் ஆகாது.

என் தேர்வு முதல் திட்டம். ஆளை எடுத்தே தீர வேண்டும் என்றால், இரண்டாவதுக்கு 21 நாள் என்று வாக்குக் கொடுங்கள். அப்போதுதான் ஒன்பதில் ஆறு முறை தேறும், முதல் திட்டம் 20 நாளில் தருகிற அதே 67 சதவீதம். மூன்றாவதுக்கு அந்த ஒரு நாளும் உதவாது, 21 என்று சொன்னாலும் 44 சதவீதத்திலேயே நிற்கும். 22 நாள் கேட்க வேண்டியிருக்கும்.