பழைய நகையைக் கட்டியாக்கக் கொடுக்கிறீர்களா? சேதாரக் கணக்கைப் பாருங்கள்

கோவையில் ஒரு சுத்திகரிப்புப் பட்டறையில் வீட்டுப் பழைய நகைகளைக் கட்டியாக மாற்றக் கொடுத்தோம். கூலி போக, தங்கத்திலேயே 1.78 கிராமை இழந்தோம்.

கல், அரக்கு, நூலை எல்லாம் நீக்கிய பிறகு எடை 80 கிராம். வெண்காரம் தூவி மூசையில் உருக்கியதும் 79.2 ஆனது. இந்தக் குறைவு நியாயமானதுதான். அழுக்கும், நகையை ஒட்டவைக்கும் பற்றாசில் இருந்த துத்தநாகமும் காட்மியமும் சூட்டில் போய்விடும். தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் டச் 90 சதவீதம் வந்தது. ஆக, உள்ளே இருந்த சுத்தத் தங்கம் 71.28 கிராம். இதுவரை எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் ரசீதில் "சேதாரம் 2 சதவீதம்" என்று எழுதி, 69.85 கிராம் கட்டியைக் கையில் கொடுத்தார்கள். கிராமுக்கு இவ்வளவு என்று சுத்திகரிப்புக் கூலியும் தனியாக வாங்கிக்கொண்டார்கள். கேட்டால், "அமிலத்தில் போய்விடும் சார்" என்றார் பட்டறைக்காரர்.

அப்படி எங்கே போகும்? உருக்கிய தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைக்கிறார்கள். வெள்ளி, வெள்ளி குளோரைடாக வெள்ளை வண்டலாய் அடியில் தங்கும். செம்பு கரைசலிலேயே நிற்கும். கரைசலை வடிகட்டி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சேர்த்தால் தங்கம் பழுப்புநிறப் பொடியாகப் படியும். அதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி உருக்கினால் கட்டி. மிச்சக் கரைசலில் ஒரு சொட்டு ஸ்டானஸ் குளோரைடு விட்டதும் ஊதா நிறம் வந்தால், இன்னும் தங்கம் இருக்கிறது என்று பொருள். அந்த நிறம் வராமல் போகும் வரை பொடியைப் படியவைப்பதுதான் வேலை. வடிதாளிலும் மூசையிலும் ஒட்டுவது சொற்பம், அதையும் சேர்த்துவைத்துப் பட்டறையே பின்னால் மீட்டெடுக்கிறது. இரண்டு சதவீதம் போகிறது என்றால் அந்தப் பட்டறை தொழிலே தெரியாத பட்டறை.

கூலி என்பது அமிலம், எரிபொருள், மூசை, புகையை வெளியேற்றும் ஏற்பாடு, டச் பார்ப்பது, ஆள் கூலி எல்லாவற்றுக்கும்தான். வண்டலில் கிடைக்கும் வெள்ளியைப் பட்டறை வைத்துக்கொள்வதும் சிறு அளவுகளில் வழக்கம். அதுவும் கூலியின் ஒரு பங்குதான். இவற்றுக்கு மேல் சதவீதச் சேதாரம் பிடிப்பது, ஒரே செலவை இரண்டாம் முறை வாங்குவது.

இதைவிட நாசூக்கான வேலை கட்டியின் முத்திரையில் இருந்தது. அதில் 995 என்று இருந்தது, அதாவது ஆயிரத்தில் 995 பங்குதான் தங்கம். 69.85 கிராமில் உண்மையான தங்கம் 69.50 மட்டுமே. நம் 71.28 கிராமை 995 தரத்தில் கொடுப்பதானால் கட்டி 71.64 கிராம் இருக்கவேண்டும்.

உருக்கிய எடை, டச், கட்டியின் தரம் மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். டச்சில் சந்தேகம் இருந்தால், கட்டியாக்கும் முன்பே ஒரு துணுக்கை வெட்டி, ஹால்மார்க் மையத்தில் நெருப்புச் சோதனைக்குக் கொடுங்கள். கடைகளில் டச் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கும்.

எடைக் கணக்கை எழுதிக்கொண்டு போனபோது பட்டறைக்காரர் 995 வித்தியாசமான 0.35 கிராமுக்கு மட்டும் பணம் கொடுத்தார். இரண்டு சதவீதத்தைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.