நர்சரிப் படத்தைத் தோட்டத்துப் படத்தில் ஒட்டிப் பார்த்த மூன்று வருடங்கள்

செடி வாங்கும் முன்னால் அதன் படத்தை என் தோட்டத்துப் படத்தில் ஒட்டிப் பார்க்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. கிம்ப் மென்பொருளில் செடியைத் தனி லேயராக வைத்து, பின்னணியை லேயர் மாஸ்க்கால் மறைப்பேன். அழிப்பானைத் தொடுவதில்லை, தவறாக மறைத்த இலையை மாஸ்க்கில் வெள்ளை பூசி மீட்டுவிடலாம். வெட்டி ஒட்டுவது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. அளவுதான் என்னை ஏமாற்றியது.

முதல் வருடம் மதிலோரம் செம்பருத்தி வரிசை வைக்க நினைத்தேன். நர்சரியில் எடுத்த தொட்டிச் செடியின் படத்தையே கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரை பெரிதாக்கி ஒட்டினேன். இரண்டடி இடைவெளியில் அழகாக இருந்தது, அப்படியே நட்டேன். இரண்டாம் வருடம் கிளைகள் ஒன்றையொன்று நெருக்கி, உள்பக்க இலைகள் வெளிச்சமில்லாமல் உதிர்ந்தன. ஒன்று விட்டு ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வளர்ந்த செடியைப் பிடுங்குவது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

பழைய படத்தை மறுபடி திறந்தபோது தவறு புரிந்தது. 45 செ.மீ. செடியை 2.4 மீட்டருக்கு இழுத்திருந்தேன், ஐந்து மடங்குக்கும் மேல். அதனால் 8 செ.மீ. இலை 40 செ.மீ. தாண்டி நின்றது. இலை மதிலின் செங்கலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அந்தப் படத்தை நம்பக்கூடாது. இளஞ்செடியைப் பெரிதாக்கினால் வளர்ந்த செடி கிடைக்காது. அதன் அகலமும் கிளை விரிவும் வேறு. இப்போது நர்சரியில் தரையில் நட்டு வளர்ந்திருக்கும் தாய்ச்செடியைத்தான் படம் எடுக்கிறேன்.

உயரத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கேமராவைத் தரையிலிருந்து சரியாக 1.5 மீட்டரில், மேலும் கீழும் சாய்க்காமல் பிடித்துத் தோட்டத்தை எடுப்பேன். அப்படி எடுத்த, ஓரம் வெட்டாத படத்தின் நடுவே ஒரு கிடைக்கோடு போட்டால், சமதரையில் எங்கே நிற்கும் பொருளானாலும் அதன் 1.5 மீட்டர் உயரம் அந்தக் கோட்டைத் தொடும். செடி நிற்கப்போகும் இடத்தில் தரையிலிருந்து கோடு வரை 400 பிக்சல் என்றால், 2.4 மீட்டர் செடிக்கு 640 பிக்சல். அதே செடியைப் பின்னால் தள்ளினால் அங்கே மறுபடி அளந்தால் போதும். சரிவான தரையில் இது பலிக்காது. அங்கே ஒரு மீட்டர் குச்சியை நட்டுவைத்துப் படம் எடுக்கிறேன்.

நர்சரியில் தொட்டிக்கு மேலே குனிந்து எடுத்த படம் ஒருபோதும் பொருந்தவில்லை, செடியின் உச்சந்தலைதான் தெரிகிறது. நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, அதே 1.5 மீட்டரில் எடுத்தால் பொருந்துகிறது. வெயில் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவேன்.

செடி அந்த இடத்தில் பிழைக்குமா என்பதைப் படம் சொல்லாது. காலையில் பளிச்சென்று தெரிந்த ஒரு மூலையில் மதியத்துக்கு மேல் முழு நிழல். அதனால் ஒரே இடத்தில் நின்று காலை, மதியம், மாலை என மூன்று படம் எடுத்து, மூன்றின் மேலும் ஒட்டிப் பார்த்த பிறகே குழி தோண்டுகிறேன்.