கல்யாணப் பத்திரிகையில் வெள்ளைக் கோடா? "உங்க ஃபைல்தான் தப்பு" என்றால் உடனே ஸ்கேலை எடுங்கள்

400 பத்திரிகை. 7 அங்குலம் நீளம், 5 அங்குலம் அகலம், ஒற்றை அட்டை, ஓரம்வரை அரக்கு நிறம், உள்ளே தங்க நிறத்தில் செவ்வகக் கோலச் சட்டம். கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு அட்டையிலும் இடது, வலது ஓரங்களில் வெள்ளைக் கோடு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கும் அட்டை அது. கண் முதலில் போவதே அந்த மூலைக்குத்தான். அச்சகத்தில் கேட்டதற்கு வந்த பதில்: "நீங்க கொடுத்த ஃபைல்ல பிளீட் சரியில்ல. மறுபடி அடிக்கணும்னா முழுக் காசு ஆகும்."

ஃபைலில் பிளீட், அதாவது வெட்டி எறிவதற்காக ஓரத்துக்கு வெளியே நீட்டிய நிறம், இருந்தது. அதைச் சுருக்கியது அச்சகம். இதை வாய்ச் சண்டையில் நிரூபிக்க முடியாது, ஸ்கேலில் முடியும். அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படியே கீழே போடுகிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் அளவுகளை மாற்றிப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

*

ஐயா, வணக்கம்.

எங்கள் பத்திரிகையின் வெட்டளவு, அதாவது டிரிம், 177.8 மி.மீ. × 127 மி.மீ. கைக்கு வர வேண்டிய அட்டையின் அளவு இதுதான். ஆனால் நாங்கள் அனுப்பிய பி.டி.எஃப். பக்கம் 183.8 × 133 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். அந்த 3 மி.மீ.தான் பிளீட். வெட்டி எறிவதற்காகவே அரக்கு நிறத்தை அங்கே நீட்டியிருக்கிறோம்.

அது ஏன் வேண்டும் என்பது உங்கள் கட்டிங் மெஷினில் நிற்பவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அட்டைகளை அடுக்கித் தட்டி, அழுத்துக்கட்டை இறங்கி, கத்தி விழும்போது மேலே இருக்கும் அட்டைகள் சற்றே இழுபடும். அடுக்கு உயரமாக இருந்தால், அட்டை தடிமனாக இருந்தால், கத்தி மழுங்கியிருந்தால் இழுப்பு கூடும். போதாததற்கு, டிஜிட்டல் மெஷினில் படம் விழும் இடமே ஷீட்டுக்கு ஷீட் கொஞ்சம் நகரும். ஆகவே வெட்டு, கோட்டிலிருந்து அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுவது இயல்பு. அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. வெளிப்பக்கம் விழுந்தாலும் அங்கே வெள்ளைத் தாள் தெரியாமல் நிறமே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிளீட்.

கத்தி உட்பக்கம் விழுந்தால் எழுத்து வெட்டுப்படக் கூடாது. அதற்காக வெட்டுக்கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ. இடத்தை, சேஃப் மார்ஜின் என்று, காலியாக விட்டிருக்கிறோம். முகூர்த்த நேரமும், மண்டபத்தின் பெயரும், கடைசியில் வரும் "தங்கள் நல்வரவை விரும்பும்" வரியும் அந்த இடத்தைத் தாண்டி உள்ளேதான் இருக்கின்றன. கோலச் சட்டம் சரியாக 5 மி.மீ. உள்ளே நிற்கிறது. சட்டம் வைத்த டிசைனுக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம். ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு கோடு இருந்து, வெட்டு 1 மி.மீ. நகர்ந்தால், ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3 என்று ஆகிவிடும். ஒன்றுக்கு மூன்று மடங்கு, யார் பார்த்தாலும் கோணல். அதே நகர்வு 5 மி.மீ.யில் 4-க்கு 6. பெரும்பாலோர் கண்ணுக்கு அது படாது.

இப்போது வந்திருக்கும் அட்டைக்கு வருவோம். வெட்டு நகர்ந்ததால் வெள்ளைக் கோடு வந்திருந்தால், அது ஒரு பக்கம்தான் தெரியும். எதிர்ப்பக்கம் நிறம் கூடுதலாக வெட்டுப்பட்டிருக்கும். அடுக்கின் மேல் அட்டைக்கும் கீழ் அட்டைக்கும் அளவு மாறும். எங்கள் அட்டைகளில் அப்படி இல்லை. இடது, வலது இரண்டு பக்கமும் வெள்ளை, இரண்டும் 1 மி.மீ.க்குச் சற்று மேலே, 400 அட்டையிலும் ஏறக்குறைய அதே அளவு. மேலும் கீழும் வெள்ளை இல்லை. சில அட்டைகளில் மட்டும் மேல் ஓரத்தில் மயிரிழை.

கோலச் சட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வெட்டு எவ்வளவு நகர்ந்தாலும் சட்டத்தின் நீளம் மாறாது. வெட்டளவிலிருந்து இரு பக்கமும் 5 மி.மீ. கழித்தால் அது 167.8 மி.மீ. இருக்க வேண்டும், நீங்கள் கொடுத்த அட்டையில் 160 மி.மீ. சொச்சம். உயரம் 117 இருக்க வேண்டும். இருப்பது 112-க்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் வகுத்தால் ஒரே விகிதம் வருகிறது: சுமார் 95.5 சதவீதம். 127-ஐ 133-ஆல் வகுத்தாலும் அதே 95.5.

அதாவது 133 மி.மீ. உயரப் பக்கத்தை 127 மி.மீ. கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கியிருக்கிறீர்கள். பிளீட்டும் சேர்ந்து சுருங்கி, வெட்டளவுக்குள்ளேயே வந்துவிட்டது. உயரத்தில் கட்டம் சரியாக நிரம்பியது. நீளத்திலோ 183.8 சுருங்கி 175.5 ஆனது, 177.8-க்கு 2.3 மி.மீ. பற்றவில்லை. அதில் பாதி இடது பக்கம், பாதி வலது பக்கம். அதுதான் அந்த வெள்ளைக் கோடு. மேலும் கீழும் வெட்டித் தள்ள நிறமே மிச்சமில்லாததால்தான் சில அட்டைகளில் மயிரிழை தெரிகிறது.

இது எங்கே நடந்திருக்கும் என்பதற்கு இரண்டு வாய்ப்புகளைச் சொல்லலாம். அக்ரோபேட்டிலிருந்து நேராகப் பிரிண்ட் கொடுத்தபோது `Actual size` என்பதற்குப் பதில் `Fit` தேர்வாகி இருக்கலாம். அல்லது கோரல் டிராவில் 7 × 5 அங்குலக் கட்டங்களை வரிசையாகப் போட்டு, எங்கள் பக்கத்தை இழுத்து அதற்குள் பொருத்தியிருக்கலாம். இரண்டாவதுதான் என்று நினைக்கிறோம். ஷீட்டில் அட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்து, நடுவில் ஒரே வெட்டு போட்டது போலத் தெரிகிறது.

தாளில் இடம் போதாது என்று போனில் சொன்னீர்கள். 12 × 18 அங்குல ஷீட் என்பது 305 × 457 மி.மீ. பிளீட்டோடு சேர்த்து அகலத்தில் இரண்டு அட்டை வைத்தால் 266 மி.மீ., நீளத்தில் இரண்டு வைத்தால் 367.6 மி.மீ. ஷீட்டுக்கு நாலு அட்டை தாராளமாக உட்காரும். மெஷின் பிடிக்கும் ஓரத்துக்கும், எங்கே வெட்டுவது என்று காட்டும் கிராப் மார்க்குக்கும் இடம் மிஞ்சும். 400 அட்டைக்கு 100 ஷீட். ஒட்டி வைத்தாலும் அதே 100 ஷீட்தான். மிச்சமாவது வெட்டு மட்டுமே: இரண்டு அட்டைக்கு நடுவில் 6 மி.மீ. சந்து விட்டால் அங்கே இரண்டு வெட்டு, ஒட்டி வைத்தால் ஒன்று.

வெள்ளையை மட்டும் சீவித் தருகிறோம் என்றீர்கள். அது வேண்டாம். சீவினால் அட்டை 175 மி.மீ.க்கும் கீழே போகும், ஏற்கனவே வாங்கிய கவரில் ஆடும். மேல் ஓரத்து மயிரிழையும் அப்படியே நிற்கும்.

மறுபடி அச்சடிக்கும்போது இவ்வளவு செய்தால் போதும். பக்கத்தை 100 சதவீதத்திலேயே வையுங்கள், இழுக்க வேண்டாம். இன்டிசைனில் கொண்டுவருவதானால் `Show Import Options` போட்டு, `Crop to` இடத்தில் `Bleed` தேர்ந்தெடுங்கள். அங்கே `Trim` இருந்தால் பிளீட் வராமலே போய்விடும். அட்டைகளுக்கு நடுவில் 6 மி.மீ. விடுங்கள். முதல் ஷீட்டை மட்டும் அடித்து, வெட்டி, சட்டத்தை அளந்து, 167.8 இருந்தால் மீதியை ஓட்டுங்கள். அந்த முதல் அட்டையில் நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
மணமகள் வீட்டார்

*

கடிதம் இவ்வளவுதான். அச்சகத்தோடு பேசும் முன் உங்கள் பக்கமும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல நேரம் தப்பு உண்மையிலேயே ஃபைலில்தான் இருக்கும். பி.டி.எஃப்.ஐ அக்ரோபேட்டில் திறந்து `Ctrl+D` அழுத்தினால் பக்க அளவு தெரியும். 7 × 5 கார்டுக்கு அங்கே 177.8 × 127 என்றே காட்டினால் பிளீட் இல்லை. அச்சகம் சொல்வதுதான் சரி. கிராப் மார்க்கோடு எடுத்த ஃபைலில் பக்க அளவு இன்னும் பெரிதாகக் காட்டும், பயப்பட வேண்டாம். `Preferences`-இல் `Page Display` போய் `Show art, trim, & bleed boxes` என்பதைத் தேர்வு செய்தால் வெட்டுக்கோடும் பிளீட் எல்லையும் பக்கத்தின் மேலேயே கோடாகத் தெரியும். நிறம் வெளிக்கோடுவரை போகிறதா என்று நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிளீட் வைத்தும் பின்னணிப் படத்தை அதுவரை இழுக்காமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

கேன்வாவில் செய்தவர்கள் `Show print bleed` போட்டு, படத்தை அந்தக் கோட்டையும் தாண்டி இழுத்துவிட்டு, `PDF Print` எடுக்கும்போது `Crop marks and bleed` என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். எடுக்கும்போது அதை விட்டால் முன்னே செய்த வேலை வீண்.

"வாட்ஸாப்பில் ஜேபெக் அனுப்புங்கள், போதும்" என்று சொல்லும் கடையில் எச்சரிக்கையாக இருங்கள். ஜேபெக்கில் வெட்டுக்கோடு எது, பிளீட் எது என்ற தகவலே கிடையாது. பார்ப்பவர் ஊகித்துத்தான் வெட்ட வேண்டும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கவும் செய்யும். பி.டி.எஃப்.ஐ டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடிதம் போன பிறகு அந்த அச்சகம் மறுபடி அடித்துக் கொடுத்தது. அச்சுக்கூலி வாங்கவில்லை. அட்டை விலையை மட்டும் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் திரும்பவே இல்லை. ஆர்டர் பில்லில் அளவு, தாள், எண்ணிக்கை மட்டும்தான் எழுதியிருந்தது. அதனால் முன்பணம் கொடுக்கும்போதே பில்லில் இந்த வரியையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்: "வெட்டளவு 177.8 × 127, பிளீட் 3 மி.மீ., 100 சதவீத அளவில் அச்சு, முதல் அட்டை ஒப்புதலுக்குப் பிறகே மீதி."