கீலில் மாட்டும் கதவு ஸ்டாப்பர்: ரூ. 2,400 போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்க

ஆறு கதவுக்கு ஆறு ஸ்டாப்பர், ஒன்று 400 ரூபாய். மொத்தம் 2,400. பொருள் போலி இல்லை, கனமான பித்தளைதான். ஆனால் நம் ஊர் வீட்டுக் கதவுகளில் பெரும்பாலானவற்றில் அதை மாட்டவே முடியாது. இது தெரிந்தேதான் விற்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கோபம்.

ஆன்லைனில் கதவுச் சாமான் விற்கும் கடை. "துளை போட வேண்டாம், சுவரும் தரையும் பாழாகாது, எல்லாக் கீலுக்கும் பொருந்தும்" என்று விளம்பரம். அதை மட்டும் நம்பிப் பணம் கட்டவில்லை. கீலை நெருக்கமாகப் போட்டோ எடுத்து சாட்டில் அனுப்பி, இதற்குப் பொருந்துமா என்று கேட்ட பிறகுதான் கட்டியது. "கண்டிப்பா பொருந்தும் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று பதில் வந்தது. அந்தப் போட்டோவைப் பார்த்த எந்த ஆசாரியும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வகை ஸ்டாப்பரை மாட்ட, கீலின் நடு ஊசியை மேலே உருவி, ஸ்டாப்பர் வளையத்துக்குள் விட்டு, திரும்ப இறக்க வேண்டும். ஊசி கழன்றால்தான் எல்லாம். இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டீல் கீலில் ஊசியின் இரண்டு முனையையும் அடித்து மூடியிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: கீலின் மேல்முனையைப் பாருங்கள். குமிழ் மாதிரித் தலை இருந்து, அதன் அடியில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் ஊசி கழலக்கூடும். கீழிருந்து ஓர் ஆணியை வைத்து லேசாகத் தட்டினால் மேலே எழும்பும். இரண்டு பக்கமும் தட்டையாக, ஒட்டி இருந்தால் எழும்பாது.

இதைச் சொன்னதும் கடையின் பேச்சு மாறியது. முதலில் "உங்க கீல் ஸ்டாண்டர்டு இல்ல". பிறகு "பாக்கெட்டைப் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது". பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது? கடைசியில் "ஆசாரியை வெச்சு கீலை மாத்திடுங்க". கதவுக்கு மூன்று கீல், ஆறு கதவுக்குப் பதினெட்டு. 2,400 ரூபாய்ச் சாமானுக்காகப் பதினெட்டுக் கீல் மாற்றணுமாம்!

சமையலறைக் கதவில் மட்டும் பழைய கீல், ஊசி கழன்றது. மாட்டியாயிற்று. காற்றில் கதவு நாலு தடவை வீசியடித்ததில், ஸ்டாப்பரின் ரப்பர் முனை பட்ட இடத்தில் ஃப்ளஷ் டோர் பலகை குழி விழுந்தது. மேல் கீலின் ஸ்குரூக்கள் நிலையிலிருந்து எழும்பி நிற்கின்றன. காரணம் நெம்புகோல் கணக்கு. ஸ்டாப்பர் தாங்குவது கீல் அச்சிலிருந்து சுமார் 2 அங்குலத்தில், கைப்பிடி இருப்பது 32 அங்குலத்தில். கைப்பிடியில் 5 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த ரப்பர் முனையில் 80 கிலோ. கால்விரலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வகை இல்லைதான், தரையில் ஒன்றுமே இருக்காது. ஆனால் காற்றோட்டமான வீட்டில் கதவுக்கு இது ஆகாது.

எந்த வகையானாலும் கீலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கதவின் கைப்பிடிப் பக்கத்துக் கால்பாகத்தில் வையுங்கள்.

என் தேர்வு சுவரில், தரையை ஒட்டி வைக்கும் ரப்பர் முனைக் கட்டை. அது சுவரோரம் கிடப்பதால் கால் படுவது அபூர்வம். கைப்பிடிக்கு நேர் கீழே வைத்தால், கைப்பிடி கதவிலிருந்து நீட்டியிருக்கும் அளவைவிட அது நீளமாக இருக்க வேண்டும். கைப்பிடி இரண்டரை அங்குலம் நீட்டினால் 3 அங்குலக் கட்டை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டாப்பருக்கு முன்னால் கைப்பிடிதான் சுவரைக் குத்தும். ஸ்கர்ட்டிங் டைல்ஸில் துளையிடும்போது டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டு டைல்ஸ் பிட் போடுங்கள், ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போகாதீர்கள், டைல்ஸ் விரிசல் விட்டுவிடும்.

தரையில் பதிக்கும் குமிழ், கதவை உறுதியாகத் தாங்கும். விரலைப் பதம் பார்ப்பதும் அதுதான். சுவரிலிருந்து 3, 4 அங்குலத்துக்குள் வைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள், நடைபாதையில் கூடவே கூடாது. குளியலறைத் தரையில் துளை போடவே போடாதீர்கள், வாட்டர்புரூஃபிங் போய்விடும்.

பசையில் ஒட்டும் சிலிக்கோன் பொட்டு பட்டி பார்த்த சுவரில் நிற்காது, பிய்த்தால் பெயின்டும் பட்டியும் சேர்ந்து வரும்.

"எல்லாக் கீலுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தால், ஊசி கழலும் கீல் வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று, 2,400 இன்னும் வரவில்லை.