ஒட்டிய ஷூவா, தைத்த ஷூவா: அடியைத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கதை

கடலூரில் நடந்த தம்பியின் திருமணத்துக்காக, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெட்டியிலேயே கிடந்த தோல் ஷூவை எடுத்து அணிந்து சென்றேன். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடப்பதற்குள் அதன் அடிப்பகுதி ஊறிய பிஸ்கட்டைப்போல உதிரத் தொடங்கியது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அருகில் காலணி தைத்துக்கொண்டிருந்த பெரியவர் அந்த அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி நிக்காது தம்பி" என்றார்.

அந்தச் சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அந்த நுரையின் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடுவதால், அணியாமல் வைத்திருந்தாலும் அது கெடும். கடலோரத்தில் ஈரப்பதம் மிகுதி என்பதால் இங்கே அது விரைவாகவே நிகழ்கிறது. அடுத்த ஷூவைப் புதுச்சேரி நேரு வீதியில் வாங்கச் சென்றபோது, அடி தேய்ந்தால் மாற்ற முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டேன்.

சாதாரணச் செருப்பையும் கேன்வாஸ் ஷூவையும் அடையாளம் காண்பது எளிது. வாரின் நுனி இரண்டு அட்டைகளுக்கு நடுவே செருகி ஒட்டப்பட்டிருந்தால் அது செருப்பு. தையலே இல்லாமல் ரப்பர் பட்டை சுற்றிலும் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் சூட்டில் பதப்படுத்திய கேன்வாஸ் ஷூ. தோல் ஷூவில்தான் கண் ஏமாறும், ஏனெனில் ஒட்டிய ஷூவும் தைத்ததைப்போலவே தோற்றமளிக்கும்.

நான் பார்த்த இரண்டிலும் சோலின் மேல்விளிம்பைச் சுற்றி வெள்ளை நூல் தெரிந்தது. விலை குறைந்த ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலத்துக்கு ஏழு தையல்கள் இருக்க, அடியில் ஐந்தே இருந்தன. அவையும் நூலல்ல, அச்சில் வார்த்த மேடுகள். விலை கூடிய ஜோடியில் அடிப்பக்கப் பள்ளத்துக்குள் உண்மையான நூல் ஓடியது, எண்ணிக்கையும் மேலே உள்ளதோடு ஒத்துப்போனது.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் விளிம்புப் பட்டையைச் சோலோடு முன்கூட்டியே உண்மையாகத் தைத்துவிட்டு, அந்த முழு அடியையும் மேல்தோலில் பசையால் ஒட்டுகிறார்கள். மேலும் கீழும் நூல் சரியாகவே இருக்கும், பிடிப்பு மட்டும் பசையினுடையது. ஆகவே நான் ஷூவின் முன்பகுதியை வளைத்து, மேல்தோலுக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். விலை கூடியதில் உள்ளே இன்னொரு தையலின் நூல் குறுக்கே தெரிந்தது. மற்றொன்றில் பசைக்கோடு மட்டுமே தெரிந்தது.

அந்த உள்தையல்தான் முடிவைத் தீர்மானித்தது. வெல்ட் எனப்படும் அந்தப் பட்டையை, மேல்தோலோடும் உள்ளட்டையோடும் ஒரு தையல் பிணைக்கிறது. பட்டையைச் சோலோடு வேறொரு தையல் பிணைக்கிறது. சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் அறுத்தால் போதும், மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. உள்ளட்டையிலிருந்து சோல்வரை ஒரே தையல் நேராக இறங்கும் மூன்றாவது வகையும் உண்டு. 1858-இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலிருந்து அது பிளேக் தையல் என்றே வழங்குகிறது. உள்ளே உள்ள மெல்லிய விரிப்பைத் தூக்கினால் தையல் வரிசை கண்ணில் படும் என்பதே அதன் அடையாளம். அது எடை குறைந்தது, நன்றாக வளையும்; ஆனால் ஊசித்துளை வழியே தண்ணீர் பாதத்தை எட்டக்கூடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒட்டிய ஷூவையும் ஒதுக்கிவிட முடியாது. அது மலிவு, முதல் நாளிலிருந்தே காலுக்கு இதமானது. சோல் திடமான ரப்பராக இருந்தால், விட்டுப்போகும்போது ஓரத்தைச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மீளும், கையில் எடுத்தால் கனமே தெரியாத நுரைச்சோலைத்தான் தவிர்க்க வேண்டும். நான் வாங்கிய வெல்ட் ஷூ கனமானது. முதல் மூன்று வாரங்கள் குதிகாலை உரசியது.

அதற்கு இதுவரை ஒருமுறைதான் சோல் மாற்றியிருக்கிறேன். கடலூரில் அதே பெரியவரிடம் கொடுத்தேன். அவர் வெளித்தையலை அறுத்துப் பழைய சோலை உரித்தெடுத்தார். உள்ளே கார்க் நிரப்பு பாதத்தின் வடிவில் பதிந்திருந்தது. புதிய ரப்பர்ச் சோலை ஒட்டி, பட்டையிலிருந்த பழைய துளைகளிலேயே குத்தூசியை இறக்கிக் கையால் தைத்தார். புதுத் துளை போட்டால் பட்டை கிழியும் என்பதால் அதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். இரண்டாம், மூன்றாம் முறையையும் அந்தப் பட்டை தாங்குமா என்பதை என் அனுபவத்திலிருந்து இப்போதே சொல்ல இயலாது. இந்த மழைக்காலம் முடிந்ததும் துளைகள் விரிந்திருக்கின்றனவா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.